மணப்பெண் ரவிக்கையின் பின்கழுத்தில் ஆரிச் சங்கிலி: சட்டம் கட்டுவது முதல் கடைசி முடிச்சு வரை

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்யாண ரவிக்கை வந்தது. அரக்கு நிற ரா சில்க், ஒரு மீட்டர். பெண்ணின் அம்மா ஒன்றே ஒன்றுதான் அழுத்திச் சொன்னார்: "முன்கழுத்துல குத்துற மாதிரி எதுவும் வச்சிராதம்மா. திருப்பூட்டுறப்ப கழுத்திரு அங்கதான் வந்து உக்காரும். மணி, கல்லு எல்லாம் பின்னாடி வேணும்னா பாத்துக்கலாம்."

நகரத்தார் கல்யாணத்தில் கழுத்திரு எவ்வளவு கனமான நகை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் உருப்படிகள் ரவிக்கைமேல் உரசிக்கொண்டே இருக்கும். அதோடு மாலையும் சேரும். அதனால் முன்கழுத்துக்குத் தட்டையான சங்கிலித் தையல் இரண்டு வரி மட்டும் போதும் என்றும், பின்கழுத்தில் சங்கிலியாலேயே முழு வேலையும் செய்வதென்றும் முடிவு செய்தோம். மணி, கல் எதுவும் இல்லை. அந்தப் பின்கழுத்தை வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மணியும் கல்லும் இருந்தால் தையலில் உள்ள குறை அவற்றுக்கு அடியில் மறைந்துவிடும். வெறும் சங்கிலியில் எல்லாம் வெளியே தெரியும்.

சங்கிலித் தையலுக்கு ஒரு குணம் உண்டு. அதன் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடிக்க எதுவும் இல்லாவிட்டால், அந்த முனையிலிருந்து இழுத்தால் வரி முழுவதும் சரசரவென்று பிரிந்துவிடும். ஆரம்ப முனையிலிருந்து அப்படிப் பிரியாது. கீழே சொல்லும் பல விஷயங்கள் இந்த ஒரு குணத்திலிருந்து வருபவை.

துணியை வெட்டாதீர்கள், முதலில் வரையுங்கள்

அளவு ரவிக்கையை வைத்துப் பின்பாகம், முன்பாகம், கை எல்லாவற்றையும் துணிமேல் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். வெட்ட வேண்டாம். கழுத்து வளைவில் துணி குறுக்குவாட்டில் இழுபடும். வெட்டிவிட்டு சட்டத்தில் கட்டினால் அந்த வளைவு விரிந்து கோணலாகிவிடும். ஒவ்வொரு பாகத்துக்கும் சுற்றிலும் ஒரு இஞ்ச் தையலுக்கு விடுங்கள். பின்பாகத்தில் நடுக்கோடு ஒன்று போட்டுவிடுங்கள். இடது தோளும் வலது தோளும் சமமாக வருகிறதா என்று பிறகு பார்க்க அது ஒன்றுதான் துணை.

கழுத்துக் கோட்டை ஒட்டியே வேலையைத் தொடங்கக் கூடாது. கால் இஞ்ச் உள்ளே தள்ளித் தொடங்குங்கள். டெய்லர் பைப்பிங் வைக்கும்போது மெஷினின் பாதம் போக இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் பாதம் ஜரியின் மேல் ஏறி அதை நசுக்கிவிடும்.

ரா சில்க்குக்கு அடியில் மெல்லிய காட்டன் லைனிங் ஒன்றைச் சேர்த்து இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது என் வழக்கம். முடிச்சுகளுக்குப் பிடிப்புக் கிடைக்கும், பட்டும் கிழியாது. ஆனால் அந்தக் காட்டனை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து இஸ்திரி போட்டிருக்க வேண்டும். இதைச் செய்யாததால் என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டத்தில் கட்டுவது

வட்ட ஃபிரேம் பழகுவதற்கு நல்லது. பின்கழுத்து முழுவதும் ஒரே இழுப்பில் இருக்க வேண்டுமென்றால் நாலு கட்டை சட்டம்தான் வேண்டும். நீளவாட்டில் இரண்டு கட்டைகள், அவற்றில் நாடாத் துணி அடித்திருக்கும். குறுக்கே துளை போட்ட இரண்டு சட்டங்கள், அவற்றில் ஆணியைச் செருகி இழுப்பைக் கூட்டலாம், குறைக்கலாம்.

முதலில் ரவிக்கைத் துணியின் நாலு ஓரத்திலும் பழைய காட்டன் துணியைப் பட்டையாகக் கிழித்து வைத்துத் தையுங்கள். இழுப்பைப் பட்டு தாங்காது, இந்தப் பட்டை தாங்கும். பிறகு மேல் ஓரத்தை ஒரு கட்டையின் நாடாவோடும் கீழ் ஓரத்தை மற்றக் கட்டையின் நாடாவோடும் கெட்டி நூலால் தைத்துவிடுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது பாவு நூல். அது ஒரு கட்டையிலிருந்து மறு கட்டைக்கு நேராகப் போக வேண்டும். துணியின் இழைகள் சாய்ந்திருந்தால் வேலை முடிந்து அவிழ்க்கும்போது வட்டமாக வரைந்த பூ முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். கட்டைகளை விலக்கி ஆணி போட்ட பிறகு, பக்க ஓரங்களைக் கயிற்றால் குறுக்குச் சட்டங்களோடு வளைத்து வளைத்துக் கட்டுங்கள்.

எவ்வளவு இறுக்கம் வேண்டும்? விரலால் தட்டினால் பறை போல இலேசாகச் சத்தம் வர வேண்டும். ஊசி இறங்கும்போது துணி குழியக் கூடாது. அதற்காக முழு பலத்தோடு இழுத்துவிடவும் கூடாது. அளவுக்கு மீறி இழுத்த துணி அவிழ்த்ததும் சுருங்கிப் பழைய அளவுக்கு வரும். தைத்த நூல் சுருங்காது. அப்போது வரிகள் அலை அலையாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். கட்டிய இழுப்பு ஒரே நாளில் கொஞ்சம் தளரும் என்பதால் தினமும் காலையில் தட்டிப் பார்த்துப் பக்கக் கயிற்றை மறுபடி இறுக்குங்கள்.

நான் வேலை செய்வது பழைய வீடொன்றின் வளவில். நடு முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். அரக்குத் துணிமேல் அரக்கு நூல் போடும்போது டியூப் லைட்டில் கண்ணி தெரியாது. எங்கள் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் கை வியர்த்துவிடும். வியர்வை பட்டால் ஜரி கறுக்கும். அதனால் ஜரி வேலையை விடிகாலையில் முடித்துவிட்டு, சில்க் நூல் வேலையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

டிசைனை ஏற்றுவது

அந்தப் பெண் கேட்டது தாங்கள் நடந்து வளர்ந்த ஆத்தங்குடிக் கல்லில் உள்ள பூ. ஒரு கல்லில் கால் பூவாகவும் நாலு கல் சேர்ந்தால் முழுப் பூவாகவும் வருமே, அது. பின்கழுத்தின் அடியில் நடுவில் ஒரு முழுப் பூ, இரண்டு பக்கமும் ஏறும் வளைவில் அரைப் பூக்கள், கழுத்தைச் சுற்றி மூன்று வரி ஜரிச் சங்கிலி.

டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை போடுங்கள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெயில் வெள்ளைப் பவுடரைக் குழைத்து, துணிச் சுருளால் தொட்டு, நன்றாகப் பிழிந்துவிட்டுத் தாளின் மேல் தேயுங்கள். துணிச் சுருள் சொட்டச் சொட்ட இருந்தால் கோடு பரவிவிடும். வெளிர் நிறத் துணிக்கு வெள்ளைக்குப் பதில் நீலம். தையலுக்கு விட்ட ஓரத்தில் முதலில் ஒரு புள்ளி வைத்து, காய்ந்ததும் கறை நிற்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஊசியும் இரண்டு கைகளும்

ஆரி ஊசி பார்க்க ஒரு மெல்லிய குத்தூசி போல இருக்கும். குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைத்த மோச்சிகளின் கொக்கி ஊசியிலிருந்து வந்த வேலை இது. முனையில் சிறு கொக்கி, மறுபக்கம் மரப் பிடி, ஊசியைப் பிடியில் இறுக்க ஒரு திருகாணி. துணிக்குள் போன கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது. அதனால் கொக்கியின் வாயும் திருகாணியும் ஒரே பக்கம் இருக்கும்படி ஊசியைப் பிடியில் பொருத்திக்கொள்ளுங்கள். அப்புறம் திருகாணியைப் பார்த்தாலே போதும்.

நூல்கண்டு சட்டத்துக்கு அடியில், தரையில் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கட்டும். உருளாது, சிக்காது. இடது கை துணிக்கு அடியில் நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பிடித்திருக்கும். வலது கை மேலே ஊசியோடு.

ஒரு கண்ணி இப்படி உருவாகிறது. திருகாணி நாம் போகும் திசையைப் பார்க்க ஊசியை நேராக இறக்குங்கள். அடியில் இடது கை நூலைக் கொக்கியின் மேல் ஒரு சுற்று போடட்டும். ஊசியை அரைச் சுற்று திருப்புங்கள். இப்போது கொக்கி பின்பக்கம் பார்க்கும், அதன் வழவழப்பான முதுகு முன்பக்கம் இருக்கும். அந்த முதுகால் துணியை முன்னோக்கி இலேசாக அழுத்தியபடியே மேலே எடுங்கள். அப்படி அழுத்தினால் கொக்கிப் பக்கம் துளையில் இடைவெளி கிடைத்து, கொக்கி துணி இழையில் மாட்டாமல் வந்துவிடும். மேலே வந்த கண்ணி ஊசியிலேயே இருக்கட்டும். ஊசியை மறுபடி முன்பக்கம் திருப்பி, ஒரு கண்ணி தூரம் நகர்ந்து இறக்குங்கள். இந்த முறை மேலே இழுக்கும் நூல் முந்தின கண்ணிக்குள் நுழைந்து வர வேண்டும். சங்கிலி தொடங்கிவிட்டது.

ஊசி மேலே வராமல் மாட்டுகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அந்த அரைச் சுற்றைத்தான். பாதிக்குப் பாதிபேர் முழுவதும் திருப்பாமலே இழுக்கிறார்கள். திருப்பியும் மாட்டினால் கொக்கியின் விளிம்பு கரகரப்பாக இருக்கும். மிக மெல்லிய உப்புத்தாளில் நாலு தடவை தேய்த்தால் சரியாகும். ஜரியின் மேலுறை உரிந்து உள்நூல் தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் அதே கரகரப்புத்தான்.

கண்ணியின் நீளம் நேர்கோட்டில் இஞ்சுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து வளைவில் இன்னும் சிறிதாக்குங்கள். பெரிய கண்ணியோடு வளைவில் போனால் வளைவு பல சிறு நேர்கோடுகளாக உடைந்து தெரியும். இந்த ரவிக்கையில் கழுத்துச் சுற்று 20 இஞ்ச், அதாவது ஒரு வரிக்குக் குறைந்தது 240 கண்ணிகள். மூன்று வரிக்கு நடுவே எங்காவது கை தளர்ந்தால் அது தெரிந்துவிடும். அதனால் அரை வரியில் எழுந்து போகாதீர்கள். ஒரு வரியை ஒரே உட்காரலில் முடியுங்கள்.

தையல் சரியாக வருகிறதா என்று அறிய மேலே பார்ப்பதைவிடத் துணிக்கு அடியில் பார்ப்பது நல்லது. அடியில் நெருக்கமான ஒரே நேர்கோடு தெரிய வேண்டும். அங்கே நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் இடது கை நூலைத் தளர விட்டிருக்கிறது. அடியில் சரியாக இருந்து மேலே கண்ணி புடைத்து ஆடினால், வலது கை கண்ணியை அளவுக்கு மேல் உயர இழுக்கிறது என்று அர்த்தம்.

எதை முதலில் தைப்பது

நான் நடுப் பூவைத் தைத்துவிட்டுத்தான் கழுத்து வரிகளுக்கு வருவேன். கை ஊன்றும் இடத்தில் முடிந்த ஜரி இருந்தால் அது மங்கும். முடிந்த பகுதியின் மேல் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிடுங்கள்.

இதழை நிரப்பும்போது முதலில் ஓரக்கோடு. பிறகு அதே வளைவைப் பின்பற்றி உள்ளே உள்ளே ஒவ்வொரு வரியாக. இங்கே பலரும் நேரத்தை மிச்சப்படுத்த ஒரு வரியை மேலே போய் அடுத்த வரியைக் கீழே வந்து தைக்கிறார்கள். சங்கிலிக் கண்ணி ஒவ்வொன்றும் அம்பு போல ஒரு திசையைப் பார்ப்பது. திசை மாறினால் அதன்மேல் விழும் வெளிச்சமும் மாறும். ஒரே நூல் ஒரு வரியில் வெளுத்தும் அடுத்ததில் கறுத்தும் தெரியும். அதனால் ஒரு இதழின் எல்லா வரிகளையும் அடியிலிருந்து நுனிக்கே தையுங்கள். நுனியில் முடித்து நூலை வெட்டி மறுபடி அடியிலிருந்து தொடங்குங்கள். வேலை கூடும்தான். ஆனால் ஆத்தங்குடிப் பூவின் எட்டு இதழும் ஒன்றுபோல் மின்ன வேறு வழி இல்லை.

இதழின் கூர் நுனியில் சங்கிலியை அப்படியே திருப்பினால் நுனி மழுங்கிவிடும். நுனிக்கு வந்ததும் கண்ணிக்கு வெளியே ஊசியை இறக்கி ஒரு பொடித் தையல் போட்டு அதைப் பிடித்துவிட்டு, பிறகு புதுத் திசையில் தொடங்குங்கள்.

பூட்டு முடிச்சு

ஆரம்பத்தில் நூலின் நுனியை மேலே இழுத்து, பக்கத்திலேயே இரண்டு மூன்று பொடிக் கண்ணிகளை முன்னும் பின்னும் போட்டு, அவற்றின் மேலேயே சங்கிலியைத் தொடங்கினால் போதும்.

முடிக்கும் இடத்தில்தான் பொறுமை வேண்டும். கடைசி மூன்று கண்ணிகளை மிகச் சிறிதாக்குங்கள். கடைசிக் கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்து, அடியில் நூலை வெட்டி, அந்த வாலை முழுவதும் மேலே எடுத்துவிடுங்கள். இப்போது வால் முந்தின கண்ணிக்குள்ளிருந்து வெளியே நிற்கும். அதைச் சாதாரணத் தையல் ஊசியில் கோத்து, அந்தக் கண்ணிக்குச் சற்று வெளியே, கண்ணியைத் தாண்டி அடியில் இறக்குங்கள். கண்ணி பிடிபட்டுவிட்டது. அடியில் லைனிங்கோடு சேர்த்து இரண்டு முடிச்சு. ஆரி ஊசியாலேயே பூட்டுப் போடும் வேகமான முறைகளும் உண்டு, கடை வேலையில் அதுதான் நடக்கிறது. கழுத்திருவும் மாலையும் உரசும் ரவிக்கைக்கு நான் தையல் ஊசியைத்தான் நம்புகிறேன். முடிந்த பிறகு ஊசி முனையால் கடைசிக் கண்ணியை இலேசாக நெம்பிப் பாருங்கள். அசைந்தால் பூட்டு விழவில்லை.

அவிழ்க்கும் முன்

சட்டத்தில் இருக்கும்வரை எல்லா வேலையும் தட்டையாகத்தான் தெரியும். சுருக்கம் அவிழ்த்த பிறகே வரும், அப்போது திருத்துவது கஷ்டம். ஆகவே ஒரு பக்க ஆணியை மட்டும் ஒரு துளை தளர்த்தி, துணியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

என் கையாலேயே கெட்ட ஒரு ரவிக்கை உண்டு. லைனிங்கை நனைக்காமல் அவசரத்தில் கட்டிவிட்டேன். சட்டத்திலும் சரி, தைத்து முடித்தபோதும் சரி, ஒரு குறையும் இல்லை. டெய்லர் நீராவி இஸ்திரி போட்டதும் காட்டன் சுருங்கியது, பட்டு சுருங்கவில்லை. வரிகள் நேராகவே இருக்க, வரிக்கும் வரிக்கும் நடுவில் பட்டு கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. அதைத் திருத்த முடியவில்லை, துணியை நானே வாங்கிக் கொடுத்து மறுபடி தைத்தேன்.

அதிலிருந்து கற்றது இது. வரிகளுக்கு நடுவில் துணி உப்பினால் லைனிங்கில் குற்றம். வரியின் மேலேயே துணி கொசுவினால் நூலை இறுக்கி இழுத்திருக்கிறோம், அல்லது சட்டம் தளர்ந்திருந்தபோது தைத்திருக்கிறோம். தளர்த்திப் பார்க்கும் சோதனையில் தெரிவது இந்த இரண்டாவது வகை. அந்த வரியை மட்டும் முடிச்சை வெட்டிக் கடைசி முனையிலிருந்து இழுத்தால் பிரிந்துவிடும். மறுபடி இறுக்கிக் கட்டித் தைக்கலாம். இந்தத் தேவகோட்டை ரவிக்கையில் வலது தோள் பக்கம் மூன்றாவது வரி கொசுவியிருந்தது. கடைசி நாள் காலையில் கயிற்றை இறுக்க மறந்திருந்தேன். அந்த 20 இஞ்சையும் பிரித்துத் தைக்க ஒரு காலை போனது.

டெய்லரிடம் கொடுக்கும்போது

அவிழ்த்ததும் தடித்த டவலை விரித்து, வேலையைக் குப்புறப் போட்டு, பின்பக்கம் மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். மேல்பக்கம் நேரடியாகப் போட்டால் கண்ணிகள் நசுங்கித் தட்டையாகிவிடும்.

தோளில் பின்கழுத்து வரியும் முன்கழுத்து வரியும் சந்திக்க வேண்டும். அதற்காக வரிகளைத் தோள் தையல் கோட்டைத் தாண்டி அரை இஞ்ச் வரை கொண்டுபோய் அங்கே பூட்டியிருப்பேன். டெய்லர் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு தைத்தால், கத்தரி அந்தப் பூட்டை வெட்டிவிட வாய்ப்புண்டு. முடிச்சு போனால் சங்கிலி உள்ளே பிரிய ஆரம்பிக்கும். அதனால் பூட்டு விழுந்த இடத்துக்கு வெளியே வண்ணச் சாக்கில் ஒரு கோடு போட்டு, "இதுக்கு வெளிய மட்டும் வெட்டுங்கண்ணே, முதல்ல தோளை மெஷின்ல ஓட்டிருங்க" என்று சொல்லிக் கொடுப்பேன். கூடவே அதே நூலில் ஒரு சிறு கண்டும், முன்கழுத்தில் ஜரி எங்கே முடிகிறது என்று பென்சிலில் குறித்த தாளும் போகும். உள்லைனிங் முடிச்சுகளை மூடுகிற மாதிரி வைத்துத் தைக்கச் சொல்வேன், இல்லாவிட்டால் அந்த முடிச்சுகள் மணப்பெண்ணின் முதுகை நாள் முழுவதும் அரித்துக்கொண்டே இருக்கும்.